கைசெனும் நெமவாஷியும்: ஒரு போல்ட் பெட்டியை நகர்த்துவதற்கான வழிகாட்டி

ஜப்பானிய ஆலைகளின் வேலைமுறையைப் பேசும் வணிக நூல்களில், கைசென் எனும் தொடர் முன்னேற்றம் ஓர் அத்தியாயத்திலும், நெமவாஷி எனும் முன்கூட்டிய கலந்துபேசல் வேறோர் அத்தியாயத்திலும் இடம்பெறுவது வழக்கம். மசாகி இமாய் 1986இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் கைசென் என்ற சொல்லை ஜப்பானுக்கு வெளியே பரவலாக அறிமுகப்படுத்தியது. ஜெஃப்ரி லைக்கர் 2004இல் எழுதிய ‘தி டொயோட்டா வே’ டொயோட்டாவின் வழிமுறைகளை 14 கொள்கைகளாக வகுத்து, நெமவாஷியைப் பதின்மூன்றாவது கொள்கையில், முடிவெடுக்கும் முறையின் பகுதியாக வைத்தது. இவ்வாறு பிரித்துப் படிக்கும் புதியவர், கைசென் என்பது தொழிலாளர் செய்யும் சிறு முன்னேற்றம் என்றும், நெமவாஷி என்பது மேலாளர்கள் கூட்டத்துக்கு முன்பாகத் தனித்தனியே பேசிச் சம்மதம் வாங்குவது என்றும் எண்ணிக்கொண்டு ஆலைக்குள் நுழைகிறார். உற்பத்தித் தளத்தில் இவை இரண்டும் ஒரே வேலையின் முன்பாதியும் பின்பாதியும் ஆகும். பின்பாதியை விட்டுவிட்டால் முன்பாதி இரண்டு வாரங்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இக்கட்டுரை, இம்முறைகளைப் பின்பற்றும் ஆலையில் பயிற்சிப் பொறியாளராகவோ மேற்பார்வையாளராகவோ புதிதாகச் சேர்ந்தவர் தமது முதல் கைசெனை எப்படிச் செய்வது என்பதைப் படிப்படியாக விளக்குகிறது. அதற்காக ஒரே ஓர் எடுத்துக்காட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்ப்போம். ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் தண்ணீர் பம்பு பூட்டும் ஒரு சிறிய லைன் இருப்பதாகக் கொள்வோம். ஆலையும் எண்களும் கணக்கு எளிதாக விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை. முறை மட்டும் அங்கே நடைமுறையில் உள்ளது.

வழிமுறைக்குள் செல்லும் முன் இதன் வரலாற்றைச் சுருக்கமாக அறிந்துகொள்வது நல்லது, ஏனெனில் பல நூல்கள் இதை ஜப்பானியரின் பிறவிக் குணமாகவே காட்டிவிடுகின்றன. பின்னாளில் டொயோட்டாவின் தலைவரான எய்ஜி டொயோடா 1950இல் அமெரிக்காவில் ஃபோர்டு ஆலையைச் சுற்றிப் பார்த்தார். அங்கே கண்ட ஆலோசனைப் பெட்டி முறையைத் தழுவியே டொயோட்டா 1951இல் தன் தொழிலாளர் ஆலோசனைத் திட்டத்தைத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா தன் ஆலை மேற்பார்வையாளர்களுக்காக உருவாக்கிய டி.டபிள்யூ.ஐ. என்னும் பயிற்சியும் போருக்குப் பிந்தைய ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜப்பானுக்கு வந்து சேர்ந்தது. அப்பயிற்சியில் வேலைமுறையைச் செம்மைப்படுத்தும் பாடத்துக்கு நான்கு படிகள் கொண்ட ஒரு கையட்டை உண்டு. வேலையைச் சிறு கூறுகளாகப் பிரி, ஒவ்வொரு கூறையும் கேள்வி கேள், புதிய முறையை உருவாக்கு, நடைமுறைப்படுத்து என்பவை அப்படிகள். மூன்றாவது படிக்குள்ளேயே உன் எண்ணத்தை மற்றவர்களோடு சேர்ந்து வளர்த்துக்கொள் என்ற வரி இருக்கிறது. நான்காவது படியில், பாதுகாப்பு, தரம், அளவு, செலவு ஆகியவை தொடர்பில் சம்பந்தப்பட்ட அனைவரின் ஒப்புதலையும் பெறு என்ற வரியும் உண்டு. நூல்கள் இரண்டு அத்தியாயங்களாகப் பிரித்ததை அந்த அட்டை ஒரே பக்கத்தில் வைத்திருந்தது. தேசிய குணத்தை விளக்கும் அத்தியாயங்களைப் புதியவர் தயங்காமல் தாண்டிச் செல்லலாம் என்பதே என் கருத்து. சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தர மேலாண்மைக்காக ஜப்பானில் வழங்கப்படும் டெமிங் பரிசை 1998இல் பெற்றதை நினைவில் வைத்திருக்கும் வாசகருக்கு, இது கற்றுக்கொள்ளக்கூடிய வேலைதான் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை.

முதற்படி: இப்போதுள்ள நியமத்தைத் தேடிப் பிடியுங்கள்

டொயோட்டாவின் உற்பத்தி முறையை உருவாக்கிய பொறியாளர் தைச்சி ஓனோ மீண்டும் மீண்டும் வலியுறுத்திய ஒரு நிபந்தனை, நியமம், அதாவது வேலையைச் செய்ய வகுத்துவைத்த ஒரே முறை, இல்லாத இடத்தில் கைசென் செய்ய முடியாது என்பது. ஒரே வேலையை மூன்று பேர் மூன்று விதமாகச் செய்துகொண்டிருந்தால், நீங்கள் செய்யும் மாற்றம் எதைவிட மேலானது என்று ஒப்பிட வழியில்லை. ஆகவே முதலில் அந்த நிலையத்தில் தொங்கும் நியமப் பணித் தாளைப் படியுங்கள். அதில் மூன்று செய்திகள் இருக்க வேண்டும்: டாக்ட் நேரம், வேலையின் வரிசை, கையில் இருக்க வேண்டிய பாதி முடிந்த பொருள்களின் எண்ணிக்கை. தாள் ஒன்று சொல்ல, வேலை வேறு விதமாக நடந்தால், அந்த வேறுபாட்டின் காரணத்தைக் கண்டுபிடிப்பதே உங்கள் முதல் வேலை. பல இடங்களில் அங்கேயே கைசென் முடிந்தும் விடுகிறது.

டாக்ட் நேரம் என்பது வாடிக்கையாளர் கேட்கும் வேகத்தில் ஒரு பொருள் வெளிவர வேண்டிய இடைவெளி. நம் லைனில் ஒரு ஷிஃப்ட் 480 நிமிடம். அதில் இரண்டு பத்து நிமிட இடைவேளைகளைக் கழித்தால் 460 நிமிடம் மிஞ்சும். உணவு இடைவேளை இக்கணக்குக்கு வெளியே. அந்த ஷிஃப்டுக்குத் தேவை 460 பம்புகள் என்றால் டாக்ட் நேரம் 60 வினாடி. இயந்திரம் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதற்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பில்லை.

இரண்டாம் படி: நின்று பாருங்கள், பத்து முறை அளந்து எழுதுங்கள்

ஓனோ இளம் பொறியாளர்களைத் தரையில் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு அதற்குள் மணிக்கணக்கில் நிறுத்திவைப்பார் என்ற கதையை நீங்கள் படித்திருக்கலாம். நூல்களில் அது துறவியின் பயிற்சிபோல ஒலிக்கும். நடைமுறையில் அதன் பயன் சாதாரணமானது. நூறு தடவை நடக்கும் ஒரு வேலையில் எப்போதாவது ஒரு முறை நடப்பது, ஐந்து நிமிடம் மட்டும் நிற்பவர் கண்ணில் படாது.

நிற்பதற்கு முன், வேலை செய்பவரிடம் எதை எதற்காக அளக்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். ஸ்டாப்வாட்சோடு ஒருவர் பின்னால் வந்து நின்றால் யாரும் இயல்பாக வேலை செய்யமாட்டார்கள். சிலர் வேகமாகச் செய்வார்கள், சிலர் வேண்டுமென்றே மெதுவாகச் செய்வார்கள். வேலையைத்தான் அளக்கிறோம், உங்களை அல்ல என்று வாயால் சொல்வது போதாது. எழுதும் தாளை அவர் பார்வைக்குத் தெரியும்படி வைத்துக்கொண்டு, முடிந்ததும் அவரிடமே காட்ட வேண்டும்.

நம் லைனில் நான்கு நிலையங்கள் உள்ளன. மூன்றாம் நிலையத்தில் ஒரு தொழிலாளர் கேஸ்கட்டை வைத்து, மூடியைப் பொருத்தி, நான்கு போல்ட்களைக் கையால் தொடங்கிவிட்டு, காற்றுக் கருவியால் முறுக்குகிறார். அடுத்தடுத்த பத்துச் சுழற்சிகளின் நேரம் வினாடியில் இவ்வாறு வருகிறது: 58, 59, 58, 72, 58, 58, 59, 73, 58, 58.

இங்கே புதியவர்கள் வழக்கமாகச் செய்வது சராசரி எடுப்பது. சராசரி 61.1 வினாடி, அதைப் பார்த்து, இவரை இரண்டு வினாடி வேகப்படுத்தினால் போதும் என்று முடிவுகட்டிவிடுவார்கள். ஆனால் இந்த நிலையத்தில் 61 வினாடி எடுத்துக்கொண்ட சுழற்சி ஒன்றுகூட இல்லை. டொயோட்டா வழியில் திரும்பத் திரும்ப வரும் மிகக் குறைந்த நேரத்தைத்தான் வேலையின் உண்மையான நேரமாகக் கொள்வார்கள். இங்கே அது 58 வினாடி, அதாவது டாக்ட் நேரத்துக்குள் அடங்குகிறது. அதற்கு மேல் ஏறி இறங்கும் பகுதியில்தான் சிக்கல் இருக்கிறது. வேலை செய்பவர் மெதுவானவர் அல்லர். நான்கு முறைக்கு ஒரு முறை ஏதோ ஒன்று அவரை 14 வினாடி நிறுத்துகிறது.

அந்த ஏதோ ஒன்று எது என்பதற்காக மறுபடியும் நின்று பார்க்க வேண்டும். போல்ட் அட்டைப்பெட்டி அவருக்குப் பின்னால் ஒரு தள்ளுவண்டியில் இருக்கிறது. நான்காவது பம்பு முடிந்ததும் அவர் திரும்பி, இரண்டு எட்டு நடந்து, கைப்பிடியாகப் பதினாறு போல்ட்களை எண்ணி அள்ளி, முன்னால் உள்ள கிண்ணத்தில் போட்டுவிட்டு மீண்டும் வேலையைத் தொடங்குகிறார். நான்கு பம்புக்கு 240 வினாடி ஆக வேண்டிய இடத்தில் 247 அல்லது 248 வினாடி ஆகிறது. ஒரு ஷிஃப்டில் இது 115 முறை நடப்பதால் மொத்தத்தில் ஏறத்தாழ 14 நிமிடம் போய்விடுகிறது. லைன் ஒவ்வொரு நாளும் கால் மணி நேரம் ஓவர்டைம் ஓடுவதற்கு இதுவே காரணம். அந்த ஓவர்டைம் மேலாளர் பார்க்கும் அறிக்கையில் ‘உற்பத்தி குறைவு’ என்று மட்டும் பதிவாகியிருக்கும்.

மூன்றாம் படி: ஒரு தீர்வை அட்டையில் செய்துபாருங்கள்

போல்ட்களை முன்னால் கொண்டுவர வேண்டும் என்பது யாருக்கும் தோன்றும். முதல் யோசனை, மேசையின் முன்பக்கம் சரிவான ஒரு தட்டு. ஓர் அட்டைப்பெட்டியில் 200 போல்ட். தட்டு 300 போல்ட் கொள்ளும் அளவில் இருக்கட்டும். 100 போல்ட் மட்டத்தில் ஒரு சிவப்புக் கோடு போடுவோம். பொருள் கொண்டுவருபவர் 20 நிமிடத்துக்கு ஒரு முறை சுற்றிவருகிறார். கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் அவர் ஒரு பெட்டியைத் தட்டில் கொட்டிவிட்டுப் போவார். நிமிடத்துக்கு நான்கு போல்ட் செலவாவதால், ஒரு சுற்றில் 80 போல்ட்தான் குறையும். எனவே தட்டு ஒருபோதும் காலியாகாது. தாளில் இக்கணக்கு மிகச் சரியாக இருக்கிறது.

இதை உடனே இரும்பில் செய்யச் சொல்லாதீர்கள். அட்டையை வெட்டி, நாடாவால் ஒட்டி, மேசையில் வைத்து, அந்தத் தொழிலாளரையே கைவிட்டு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அட்டை மாதிரி அழகாக இல்லாமல் இருப்பது நல்லது; வெல்டிங் செய்து பெயின்ட் அடித்துக் கொண்டுவந்த தட்டைப் பார்த்து யாரும் ‘இது சரியில்லை’ என்று சொல்லத் துணியமாட்டார்கள். அட்டையைத் தாங்களே வளைத்துத் திருத்துவார்கள்.

நான்காம் படி: நெமவாஷி

பெரிய மரத்தை வேரோடு பெயர்த்து நடுவதற்குப் பல மாதங்கள் முன்பே அதன் வேர்களைச் சுற்றி வெட்டித் தயார்ப்படுத்தும் தோட்டக்காரரின் வேலையிலிருந்து இச்சொல் வந்தது என்று எல்லா நூல்களும் சொல்லும். ஆலையில் இதன் பொருள் மிகவும் குறிப்பானது: உங்கள் மாற்றம் யாருடைய வேலையைத் தொடுகிறதோ அவர் ஒவ்வொருவரிடமும், அந்த இடத்திலேயே நின்று, முடிவெடுக்கும் முன்பாகப் பேசுவது. அலுவலகங்களில் இதற்குப் பிறகு ரிங்கி எனப்படும் ஒப்புதல் தாள் மேசை மேசையாகச் சென்று முத்திரைகளைப் பெறும். போல்ட் பெட்டிக்கு அவ்வளவு தேவையில்லை. குழுத் தலைவரும் பிரிவுத் தலைவரும் சரி என்றால் போதும். ஆனால் அவர்கள் சரி என்பதற்கு முன் நீங்கள் சென்று பார்க்க வேண்டியவர்கள் வேறு.

ஒரே ஒரு தாளில் இன்றைய நிலை, பத்துச் சுழற்சிகளின் நேரம், அட்டை மாதிரியின் கையால் வரைந்த படம் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். பென்சிலால் எழுதுங்கள், ஏனென்றால் பேசும்போதே திருத்த வேண்டியிருக்கும். ‘இதற்குச் சம்மதமா?’ என்று கேட்காதீர்கள். அக்கேள்விக்குப் பெரும்பாலும் மரியாதைக்காக ‘சரி’ என்றுதான் பதில் வரும். ‘இதைச் செய்தால் உங்கள் வேலையில் எது கெடும்?’ என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் நம் எடுத்துக்காட்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் பொருள் கொண்டுவருபவர். அவர் தாளைப் பார்த்துவிட்டு மேசைக்கு வந்து நின்று சொல்கிறார்: “என் பாதை இவருக்குப் பின்னால் போகிறது. தட்டு முன்னால் இருந்தால், மூன்று கிலோ பெட்டியை இவர் தோளுக்கு மேலாக நீட்டிக் கொட்ட வேண்டும். இவர் கருவியைக் கீழே வைக்கும் வரை நான் காத்து நிற்க வேண்டும்.” இதை நீங்கள் வரைந்த படம் காட்டவில்லை, ஏனென்றால் படத்தில் அவர் இல்லவே இல்லை. எனவே போல்ட் பக்கவாட்டிலிருந்து உள்ளே வர வேண்டும் என்று தாளில் திருத்துகிறீர்கள்.

இரண்டாவதாகத் தரப் பிரிவு ஆய்வாளர். அவருக்குத் தட்டின் வடிவத்தைப் பற்றிய கவலை இல்லை. “பழைய போல்ட் மிச்சமிருக்கும்போதே அதன்மேல் புதுப் பெட்டியைக் கொட்டுவீர்களா? நாளைக்கு ஒரு லாட்டில் குறை இருப்பதாக போல்ட் அனுப்பியவர் சொன்னால், எந்தப் பம்பு வரை அந்த லாட் போயிருக்கிறது என்று நான் எப்படிச் சொல்வேன்?” என்று கேட்கிறார். சிவப்புக் கோடு என்ற யோசனை இந்த இடத்தில் முடிந்துபோகிறது. கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால் லாட்களை, அதாவது தனித்தனியே தயாரான தொகுதிகளை, கலக்கக் கூடாது என்ற நிபந்தனை அந்தக் கணக்கில் இல்லை.

இப்போது வடிவம் மாறுகிறது. தட்டுக்குப் பதிலாகப் பக்கவாட்டிலிருந்து சரியும் ஒரு குறுகிய உருளைப் பாதை, அதில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஓர் அட்டைப்பெட்டியின் 200 போல்ட், முகப்பில் அதன் லாட் சீட்டு. முன்பெட்டி காலியானதும் தொழிலாளர் அதைக் கீழ்ப்பாதையில் தள்ளிவிடுவார்; பின்பெட்டி தானாக முன்னால் சரிந்துவரும். பொருள் கொண்டுவருபவர் கீழ்ப்பாதையில் காலிப்பெட்டியைக் கண்டால் மேற்பாதையில் நிறைபெட்டியை வைப்பார். மின்சாரமோ சென்சாரோ இல்லை. காலிப்பெட்டியே கேட்புச் சீட்டு.

மூன்றாவதாக, புதியவர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் அடுத்த ஷிஃப்ட். அவர்களைப் பார்க்க நீங்கள் வீட்டுக்குப் போகும் நேரத்தைத் தள்ளிப்போட வேண்டும். குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போவது நெமவாஷி ஆகாது. அந்த ஷிஃப்டில் மூன்றாம் நிலையத்தில் நிற்பவர் உயரம் குறைந்தவர்; பெட்டியின் விளிம்பு அவருக்கு மார்பளவில் இருக்கிறது, உள்ளே இருக்கும் கடைசி போல்ட்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. பெட்டியை முன்பக்கம் சாய்த்துவைத்தால் அது தீர்ந்துவிடும். ஆனால் அவர் சொல்லும் இன்னொரு செய்தி அதைவிட முக்கியமானது. ஷிஃப்ட் மாறும்போது பொருள் கொண்டுவருபவரின் முதல் சுற்று எப்போதும் 20 நிமிடம் தாமதமாகிறது. அதனால் அவர்கள் முன்கூட்டியே இரண்டு அட்டைப்பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஒளித்துவைத்துக்கொள்கிறார்கள். இது எந்த நியமத் தாளிலும் இல்லை. சிவப்புக் கோட்டுத் தட்டாக இருந்திருந்தால் இந்தத் தாமதத்தில் அது காலியாகியிருக்கும். இரண்டு பெட்டி முறையில், முன்பெட்டி காலியாகும் தறுவாயில் சுற்று முடிந்துபோனாலும் பின்பெட்டியில் 50 நிமிடத்துக்கான போல்ட் இருக்கும்; 40 நிமிடம் காத்திருந்தாலும் லைன் நிற்காது.

நெமவாஷியைச் சம்மதம் சேகரிக்கும் வேலை என்று சொல்லும் நூல்கள் தவறவிடுவது இதைத்தான். மூன்று பேரிடம் பேசிய பிறகு உங்கள் யோசனை அதே வடிவில் இருந்தால், ஒன்று நீங்கள் அபூர்வத் திறமைசாலி, அல்லது அவர்கள் உங்களிடம் உண்மையைச் சொல்லவில்லை. இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம்.

யாரும் தாமாகச் சொல்லாத ஒரு தடையும் இருக்கலாம். நாள்தோறும் கால் மணி நேர ஓவர்டைம் என்பது சிலருடைய மாத வருமானத்தின் ஒரு பகுதி. அது நிற்கப்போகிறது என்றால் எதிர்ப்பு ‘பெட்டி வழுக்குகிறது’, ‘கை இடிக்கிறது’ என்று வேறு வடிவங்களில் வரும். அதேபோல, இங்கே நேரம் மிஞ்சினால் ஓர் ஆளைக் குறைத்துவிடுவார்கள் என்ற அச்சம் இருக்குமிடத்தில் நல்ல யோசனைகள் மேலே வருவது நின்றுவிடும். இவ்விரண்டுக்கும் பயிற்சிப் பொறியாளரிடம் பதில் இல்லை; பிரிவுத் தலைவரிடம் இருக்க வேண்டும். ஆகவே அவரைப் பார்க்கப் போகும்போது படத்தோடு இந்தக் கேள்வியையும் எடுத்துச் செல்லுங்கள். அவர் பதில் சொல்லாமல் கையொப்பம் மட்டும் இட்டால் வேலையைத் தொடங்காதீர்கள்.

ஐந்தாம் படி: சிறிய கூட்டம், சிறிய சோதனை

இவ்வளவும் முடிந்த பிறகு அந்த நிலையத்தின் அருகிலேயே எல்லோரும் நின்றபடி பத்து நிமிடம் கூடினால் போதும். இக்கூட்டத்தில் புதிதாக எதுவும் முடிவாவதில்லை. ஒவ்வொருவரும் தாம் சொன்னது தாளில் ஏறியிருக்கிறதா என்று மற்றவர்கள் முன்னிலையில் சரிபார்த்துக்கொள்கிறார்கள். கூட்டத்தில் யாராவது இதுவரை கேளாத ஒரு மறுப்பைச் சொன்னால், யாரையோ விட்டுவிட்டீர்கள் என்று பொருள். அங்கேயே வாதாடி வெல்ல முயலாமல், சோதனையைத் தள்ளிவைத்துவிட்டு அவரோடு தனியே போய் அந்த இடத்தைப் பாருங்கள்.

சோதனையை ஒரு ஷிஃப்டில், அட்டை மாதிரியோடு செய்யுங்கள். போல்ட் தீர்ந்தால் உடனே எடுக்க ஒரு பெட்டியைப் பழைய இடத்திலேயே வைத்திருங்கள். மீண்டும் பத்துச் சுழற்சிகளை அளக்கும்போது 58, 59 என்றே தொடர்ந்து வர வேண்டும். ஐம்பது பம்புக்கு ஒரு முறை பெட்டி மாற்றும் சில வினாடிகள் மட்டும் கூடும். எண்களோடு நிறுத்திவிடாமல் அடுத்த நிலையத்தையும் கவனியுங்கள். மூன்றாம் நிலையம் சீராக ஓடத் தொடங்கியதும், இதுவரை அதன் மறைவில் இருந்த இன்னொரு தடை நான்காம் நிலையத்தில் வெளிப்படலாம். அது தோல்வி அல்ல. ஆனால் அதையும் சேர்த்து இப்போதே தீர்க்க முயன்றால் இரண்டும் குழம்பிவிடும்.

ஆறாம் படி: தாளை அன்றே மாற்றுங்கள்

குழாய்களாலும் உருளைகளாலும் நிலையான பாதை செய்து பொருத்திய அன்றே நியமப் பணித் தாளைத் திருத்தி, இரு ஷிஃப்டின் குழுத் தலைவர்களும் தத்தம் ஆட்களுக்குச் செய்துகாட்ட வேண்டும். பழைய கிண்ணத்தையும் பின்னால் நின்ற தள்ளுவண்டியையும் அன்றே அகற்றிவிடுங்கள். அவை அங்கே இருக்கும் வரை ஏதாவது அவசரத்தில் யாராவது பழைய முறைக்குத் திரும்புவார்கள். இரண்டு வாரம் கழித்து, சொல்லாமல் இரண்டாம் ஷிஃப்டில் போய்ப் பாருங்கள். எங்கிருந்தோ ஒரு புதுக் கிண்ணம் மேசையில் முளைத்திருந்தால், நெமவாஷியில் கேட்காமல் விட்ட ஏதோ ஒன்று இருக்கிறது. கிண்ணத்தைப் பறிமுதல் செய்யாமல், அது ஏன் தேவைப்பட்டது என்று கேளுங்கள். மணிக்கொரு முறை எழுதப்படும் உற்பத்திப் பலகையும் உதவும்: ஒவ்வொரு மணியிலும் 60 என்ற இலக்கு தவறும்போது பக்கத்தில் காரணம் எழுதப்பட்டிருக்கும், அந்தக் காரணங்களில் ‘போல்ட்’ என்ற சொல் மறைந்துவிட்டதா என்று பாருங்கள்.

எங்கே இது பொருந்தாது

போல்ட்டின் முறுக்கு அளவையோ முறுக்கும் வரிசையையோ மாற்றினால் நன்றாக இருக்கும் என்று இதே ஆய்வில் உங்களுக்குத் தோன்றலாம். அதை இவ்வழியில் செய்யக் கூடாது. அவை வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட செயல்முறையின் பகுதி. முன்னறிவிப்பும் எழுத்து ஒப்புதலும் இல்லாமல் தொடக் கூடாது. மறுமுனையில், கை நசுங்கும் அபாயத்தையோ குறையுள்ள பம்பு வெளியே போவதையோ கண்டால் நெமவாஷிக்கு இடமே இல்லை: லைனில் சிக்கல் என்று அறிவிக்கும் ஆண்டன் கயிற்றை இழுத்து உடனே அழைக்க வேண்டும், பேச்சு பிறகுதான்.

எண்ணிக்கை இலக்கு இன்னொரு பொறி. ஆளுக்கு மாதம் இத்தனை யோசனை என்று ஆலை கேட்கத் தொடங்கினால், ஏற்கெனவே செய்துமுடித்த வேலைகளுக்குப் பின்னோக்கித் தாள் எழுதுவதும், பெரிய யோசனை ஒன்றைத் துண்டுகளாக வெட்டிச் சேர்த்துவைப்பதும் வழக்கமாகிவிடும். தாள்களில் முன்–பின் புகைப்படங்கள் இருந்து சுழற்சி நேரம் இல்லாவிட்டால் அதுவே அடையாளம்.

இவ்வேலை யாருடைய நேரத்தில் நடக்கிறது என்ற கேள்வியை வணிக நூல்கள் அநேகமாகத் தொடுவதில்லை. டொயோட்டா ஊழியர் ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில் நகோயா மாவட்ட நீதிமன்றம் 2007இல் அளித்த தீர்ப்பு, தொழிலாளர்கள் சிறு குழுவாகக் கூடித் தரத்தை மேம்படுத்தும், தன்னார்வம் என்று சொல்லப்பட்ட தர வட்டப் பணியையும் யோசனைத் தாள் எழுதுவதையும் வேலையாகவே கருதி, மரணத்துக்கு மிகையான வேலையே காரணம் என்று ஏற்றது. அதற்கு அடுத்த ஆண்டு, தர வட்டப் பணிக்கு முழு ஓவர்டைம் ஊதியம் தருவதாக டொயோட்டா முடிவெடுத்தது. எனவே நீங்கள் இரண்டாம் ஷிஃப்டுக்காகக் காத்திருந்த நேரத்தையும், தொழிலாளர் அட்டை வெட்டிய நேரத்தையும் வேலை நேரமாகவே பதிவு செய்யுங்கள். பதிவு செய்ய மேலிடம் தயங்கினால், கைசெனை ஷிஃப்டுக்குள் செய்துமுடிக்கும் அளவுக்குச் சிறியதாக்குங்கள்.

கடைசிப் படி: பக்கத்து லைன்

உங்கள் பாதை நன்றாக ஓடினால் பக்கத்து லைனிலும் அதை வைக்கச் சொல்வார்கள். யோகோதென் என்று இதற்குப் பெயர். அங்கே உருளைப் பாதையை எடுத்துப் போகாதீர்கள், தாளை எடுத்துப் போங்கள். அந்த லைனின் போல்ட் பெட்டியில் 500 இருக்கலாம், சுற்று 30 நிமிடமாக இருக்கலாம், அங்கே நீண்ட சுழற்சிக்குக் காரணம் போல்ட்டாகவே இல்லாமலும் இருக்கலாம். அவர்களுடைய குழுத் தலைவர் தம் மூன்றாம் நிலையத்தில் தாமே நின்று பத்துச் சுழற்சிகளை அளக்கட்டும். அவர் கேட்டால் அட்டையும் நாடாவும் கொண்டுபோய்க் கொடுங்கள்.